ஒரு சதவீதம் என்றால் பத்தாயிரம் அல்ல: பாதியில் உடைத்த ஒரு வைப்புநிதியின் கணக்கு

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு குடும்பத்தில் நடந்தது இது. அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், வங்கி, கிளை எதையும் சொல்லப்போவதில்லை. தொகைகளும் தேதிகளும் நடந்தபடியே இருக்கின்றன. நான் ஒரு வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இந்தக் கதையில் எனக்கும் ஒரு சிறு பங்கு உண்டு, நல்ல பங்கு அல்ல. அதையும் சொல்கிறேன்.

## பின்னணி

அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. தெருவில் எல்லோருக்கும் டீச்சர். பணிக்கொடை வந்த பணத்தில் செலவெல்லாம் போக 10 லட்சம் மிச்சம் இருந்தது. 2022 ஜூன் மாதம் அதை எங்கே போடுவது என்று என்னிடம் கேட்டார். அப்போது வட்டி விகிதங்கள் அடிமட்டத்திலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியிருந்த நேரம். அவர் கணக்கு வைத்திருந்த பொதுத்துறை வங்கியில் ஐந்து வருட வைப்புக்கு 5.50%, மூத்த குடிமக்களுக்குக் கூடுதலாக 0.50%. அதற்கும் மேலே, ஐந்து வருடமும் அதற்கு மேலும் போடும் மூத்த குடிமக்களுக்கென்று ஒரு சிறப்புத் திட்டத்தில் இன்னொரு 0.30%. மொத்தம் 6.30%.

"இருக்கறதுலேயே இதுதான் அதிகம் டீச்சர், இதிலேயே போட்டுடுங்க" என்றேன். 2022 ஜூன் 10 அன்று 10 லட்சமும் ஒரே ரசீதாகப் போடப்பட்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியைச் சேமிப்புக் கணக்குக்கு அனுப்பும் வகை. ஒவ்வொரு காலாண்டும் 15,750 ரூபாய். அந்தப் பணத்தில் மளிகை பாக்கி, மருந்து, கேஸ் எல்லாம் ஓடியது.

ஒரே ரசீதாகப் போடாதீர்கள், பிரித்துப் போடுங்கள் என்று நான் சொல்லவில்லை. பாதியில் எடுத்தால் என்ன ஆகும் என்றும் சொல்லவில்லை. ஐந்து வருடம் அந்தப் பணத்தை அவர் தொடப்போவதில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன்.

## 2024 செப்டம்பர்: அவசரம்

டீச்சரின் மகன் கோயம்புத்தூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிறார். ஊருக்குப் பக்கத்திலேயே ஒரு மனை பேசி, முன்பணம் கொடுத்து, ஆவணியிலேயே பதிவு முடிக்க வேண்டும் என்று செப்டம்பர் 12-ஆம் தேதிக்குப் பத்திரப் பதிவுக்கு டோக்கனும் வாங்கியிருந்தார். 17-ஆம் தேதி புரட்டாசி பிறக்கிறது. விற்பவர் வீட்டில் புரட்டாசியில் பதிவு கிடையாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மீதித் தொகையில் 6 லட்சம், மகன் பிஎஃப்பிலிருந்து எடுக்க விண்ணப்பித்திருந்த முன்பணத்திலிருந்து வர வேண்டியது. வங்கிக் கணக்கு விவரத்தில் ஏதோ பொருந்தவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. திருத்தி மறுபடி அனுப்பினார். வந்துவிடும், ஆனால் 12-ஆம் தேதிக்குள் வராது.

பணம் எங்கிருந்தும் வராத நிலைமை அல்ல இது. சில வாரம் தாமதமாக வரப்போகும் பணத்துக்கு இடையில் ஒரு பாலம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். பின்னால் வரும் கணக்கு முழுவதும் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது. ஆனால் அன்று வீட்டில் யாரும் அதை அப்படிப் பார்க்கவில்லை. "பத்து லட்சம் பேங்க்ல சும்மா கிடக்குது" என்றுதான் பேச்சு போயிருக்கிறது.

## உடைக்க முடிவெடுத்தது ஏன்

பின்னால் உட்கார்ந்து பேசியபோது மூன்று காரணங்கள் தெரிந்தன.

முதல் காரணம் மகனின் மனக்கணக்கு. முன்கூட்டியே எடுத்தால் ஒரு சதவீதம் அபராதம் என்று அவருக்குத் தெரியும். 10 லட்சத்தில் ஒரு சதவீதம் 10,000. மனை கைக்கு வர 10,000 போனால் போகிறது என்று நினைத்திருக்கிறார். அந்த அளவுக்கு அவர் நினைத்ததில் தப்பில்லை. கணக்குதான் தப்பு.

இரண்டாவது, டீச்சருக்குக் கடன் என்ற சொல்லே ஆகாது. ரசீதை அடமானம் வைத்து அதன்மேல் கடன் வாங்கலாம் என்று கவுண்டரில் இருந்த அதிகாரி ஒரு வார்த்தை சொல்லித்தான் இருக்கிறார். "என் பணத்துக்கு நானே எதுக்குப்பா வட்டி கட்டணும்?" என்று கேட்டிருக்கிறார் டீச்சர். கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. அதிகாரியும் மேற்கொண்டு எண்களைப் போட்டுக் காட்டவில்லை.

மூன்றாவது, கடன் என்றால் ஒரு வாரம் இழுக்கும் என்று மகன் பயந்திருக்கிறார். சொந்த ரசீதின் மேல் கடன் என்பது வீட்டுக்கடன் போல அல்ல. சம்பளச் சான்று, சிபில் என்று எதுவும் தேவையில்லை. ரசீதின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, ஒரு விண்ணப்பம் கொடுத்தால் அதே நாளில் முடியும் வேலை. கூட்டம் இல்லாத நாளாக இருந்தால் காபி குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்.

ஆக, செப்டம்பர் 10 செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதாவது காலாண்டு வட்டி 15,750 கணக்கில் ஏறியது. அன்று மதியமே ரசீதை உடைத்தார்கள். சரியாக 27 மாதம். அந்தக் கையோடு 6 லட்சத்துக்கு விற்பவர் பெயரில் டிடி எடுத்தார்கள். மீதியில் 3.5 லட்சத்தைப் புது வைப்பாகப் போட்டார்கள்.

## கையில் வந்த தொகை

அன்று சாயங்காலம் டீச்சர் பாஸ்புக்கோடு என் வீட்டுக்கு வந்தார். "சார், பத்து லட்சம் போட்டேன். 9,56,125 தான் வந்திருக்கு. வட்டிய விடுங்க, அசலே குறைஞ்சு போச்சே, எப்படி?"

பாஸ்புக்கில் அந்த வரி அப்போதுதான் அச்சாகியிருந்தது, மை சற்று மங்கல். கூடவே ரசீதை முடித்ததற்கான ஒரு சீட்டு. அதில் வட்டி மீட்பு என்ற இடத்தில் 43,875 என்று இருந்தது.

அசல் குறைந்ததற்கான விளக்கத்தை முதலில் சொல்கிறேன். அப்புறம் அந்த 43,875 ஏன் தவறு என்பதையும்.

## கணக்கு எப்படிப் போகிறது

ஐந்து வருடம் வைத்திருப்பேன் என்று சொன்னதற்காகத்தான் 6.30%. அந்தப் பேச்சு பாதியில் முறிந்தால் 6.30% என்ற எண்ணே முதல் நாளிலிருந்து இல்லாமல் போகிறது. அப்போது நடப்பில் இருந்த ரிசர்வ் வங்கியின் 2016-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதைத்தான் சொல்கிறது: பணம் உண்மையில் எவ்வளவு காலம் வங்கியில் இருந்ததோ, அந்தக் காலத்துக்கு உரிய விகிதமே தரப்படும், ஒப்பந்தத்தில் இருந்த விகிதம் அல்ல. அதற்குமேல் அபராதம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு வங்கியும் தானே தீர்மானிக்கலாம். ஆனால் வைப்பு போடும்போதே அதைத் தெரிவித்திருக்க வேண்டும்.

டீச்சரின் பணம் இருந்தது 27 மாதம். ஆகவே பார்க்க வேண்டியது இரண்டு வருடம் முதல் மூன்று வருடத்துக்குள் என்ற வரிசை. அதுவும் பணத்தை எடுக்கும் நாளின் விகிதம் அல்ல, பணம் போட்ட நாளில், அதாவது 2022 ஜூன் 10 அன்று, அந்த வரிசைக்கு இருந்த விகிதம். பலரும் இடறும் இடம் இது. 2024 செப்டம்பரில் அதே வங்கி அதே காலத்துக்கு மூத்த குடிமக்களுக்கு 7.50% கொடுத்துக்கொண்டிருந்தது. அதற்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இல்லை.

2022 ஜூன் 10 அன்று அந்த வரிசைக்கு 5.35%. மூத்த குடிமக்களுக்கான 0.50% சேர்த்தால் 5.85%. சிறப்புத் திட்டத்தின் 0.30% ஐந்து வருடம் நின்றால் மட்டும்தான், இடையில் எடுத்தால் கிடையாது. இந்த வங்கியில் 5 லட்சம் வரையிலான ரசீதுக்கு அபராதம் 0.50%, அதற்கு மேல் போனால் 1%. டீச்சரின் ரசீது 10 லட்சம். எனவே 5.85-லிருந்து 1 கழித்தால் 4.85%.

27 மாதத்துக்கும் 4.85% தான் என்று ஆனபின், காலாண்டுக்கு அவருக்குச் சேர வேண்டியது 12,125. ஏற்கெனவே கொடுத்தது 15,750. ஒரு காலாண்டுக்கு 3,625 அதிகமாகப் போயிருக்கிறது. ஒன்பது காலாண்டுக்கு 32,625. வட்டி ஏற்கெனவே கொடுத்துச் செலவாகிவிட்டதால் அதை மீட்க வங்கிக்கு இருக்கும் ஒரே இடம் அசல். அதனால்தான் 10 லட்சம் போட்டவருக்கு 10 லட்சம்கூட வரவில்லை.

மகனின் 10,000 எங்கே தவறியது என்பதும் இதில் தெரியும். ஒரு சதவீதம் என்பது அசலில் ஒருமுறை வெட்டும் ஒரு சதவீதம் அல்ல. வருடாந்திர வட்டி விகிதத்தில் ஒரு சதவீதம், அதுவும் பணம் இருந்த காலம் முழுவதுக்கும். இரண்டேகால் வருடத்துக்கு 22,500 ஆகிறது. அதற்கு மேல், 6.30 என்பது 5.85 ஆனதில் இன்னொரு 10,125. எவ்வளவு நாள் ரசீதை விட்டு வைத்திருந்தோமோ அவ்வளவுக்கு இந்த வெட்டும் பெரிதாகும். நான்கு வருடம் காத்திருந்து உடைப்பவர் ஒரு வருடத்தில் உடைப்பவரைவிட ரூபாய்க் கணக்கில் அதிகம் இழப்பது இதனால்தான்.

வட்டியை மாதாமாதமோ காலாண்டுக்கோ வாங்காமல் அசலோடு சேர்த்துக்கொண்டே போகும் வகையிலும் இதேதான் நடக்கும். ஆனால் கண்ணில் படாது. அங்கே 10 லட்சம் போட்டவருக்கு 11 லட்சத்துச் சொச்சம் வரும், சந்தோஷமாக வாங்கிக்கொண்டு போய்விடுவார். அதுவரை கூடுதல் விகிதத்தில் சேர்ந்திருந்த வட்டியில் ஒரு பகுதி திரும்பிப் போனது அறிக்கையை வரி வரியாகப் பார்த்தால்தான் தெரியும்.

## சீட்டில் இருந்த தவறு

சரி, இந்தக் கணக்குப்படி 32,625 தானே போயிருக்க வேண்டும்? சீட்டில் 43,875 இருக்கிறது.

பின்னாலிருந்து போட்டுப் பார்த்தேன். 43,875-ஐ ஒன்பதால் வகுத்தால் காலாண்டுக்கு 4,875. வருடத்துக்கு 19,500. 10 லட்சத்தில் அது 1.95%. 6.30-லிருந்து 1.95 போனால் 4.35. அபராதம் 1 சேர்த்தால் 5.35. அது பொது வாடிக்கையாளருக்கான விகிதம். மூத்த குடிமகனுக்கான அரை சதவீதம் விட்டுப்போயிருந்தது.

பாதியில் எடுத்தாலும் அந்த 0.50% உண்டு, போவது சிறப்புத் திட்டத்தின் 0.30% மட்டும்தான் என்று அந்தத் திட்ட விதியிலேயே இருந்தது. பிறகு கிளையில் விசாரித்தபோது சொன்னார்கள்: சிறப்புத் திட்ட ரசீது என்பதால் அதிகாரி விகிதத்தைக் கையால் போட்டிருக்கிறார், விகித அட்டையில் பக்கத்து நெடுவரிசையைப் பார்த்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. மதிய நேரம், டிடிக்கு அவசரம், முன்னால் பத்துப் பேர். நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன்தான்.

மறுநாளே கிளை மேலாளருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்தோம். ரசீது எண், போட்ட தேதி, முடித்த தேதி, 2022 ஜூனில் நடப்பில் இருந்த விகித அட்டையின் நகல், நம் கணக்கு, கேட்கும் தொகை 11,250. கோபமான வார்த்தை ஒன்றும் இல்லை. நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டோம். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போக வேண்டுமானால், முதலில் வங்கியிடம் எழுத்தில் புகார் செய்து 30 நாள் பொறுத்திருக்க வேண்டும். அல்லது வங்கி அதற்குள் மறுத்திருக்க வேண்டும். அந்த முத்திரைத் தேதிதான் அந்த 30 நாளின் தொடக்கம்.

அவ்வளவு தூரம் போகவில்லை. பதினெட்டாம் நாள் 11,250 சேமிப்புக் கணக்கில் ஏறியது. ஆக, இறுதி இழப்பு 32,625. அதில் வங்கி மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. விதி விதிதான்.

ஒன்றே ஒன்று சொல்வேன். முடித்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதைக் கணக்கை முடிக்காமலே கணினியில் போட்டுப் பார்க்க முடியும். "அம்மா, இன்னைக்கு முடிச்சா இவ்வளவுதான் வரும்" என்று ஒரு துண்டுச் சீட்டில் அந்த எண்ணை எழுதிக் காட்டியிருந்தால், தவறும் அங்கேயே தெரிந்திருக்கும், டீச்சரும் ஒருவேளை எழுந்து வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார். கேட்டால் காட்டுவார்கள். அன்று யாரும் கேட்கவில்லை.

## கடன் வாங்கியிருந்தால்

பிஎஃப் பணம் நவம்பர் 5-ஆம் தேதி மகன் கணக்குக்கு வந்தது. ரசீதை உடைத்ததிலிருந்து 56 நாள்.

இந்த வங்கியில் ரசீதின் மேல் 90% வரை கடன் கொடுப்பார்கள். வட்டி, ரசீதின் விகிதத்தைவிட ஒரு சதவீதம் அதிகம், அதாவது 7.30%. 6 லட்சத்துக்கு அது ஒரு நாளைக்கு 120 ரூபாய். 56 நாளுக்கு 6,720. அவ்வளவுதான். அந்த நாட்களிலும் 10 லட்சத்துக்கான 6.30% தொடர்ந்து வந்துகொண்டிருக்கும்.

"என் பணத்துக்கு நானே வட்டி கட்டணுமா" என்ற கேள்விக்கு இங்கே பதில் இருக்கிறது. ஒரு கையால் 7.30 கொடுத்து மறு கையால் 6.30 வாங்குகிறோம். உண்மையில் கையை விட்டுப் போவது ஒரு சதவீதம், 6 லட்சத்துக்கு ஒரு நாளைக்கு 16 ரூபாய் 44 பைசா. டீச்சரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இதைக் கடன்னு சொல்லாம வேற ஏதாவது பேர் வச்சிருக்கலாம்" என்றார்.

இதை எல்லா நிலைமைக்கும் பொருத்திவிடவும் கூடாது. ரசீதிலிருந்து வரும் வட்டிக்கு வரி உண்டு. இப்படி மனை வாங்க எடுத்த கடனுக்குக் கட்டும் வட்டியை அந்த வரியில் கழிக்க முடியாது. இருபது சதவீத வரம்பில் இருப்பவருக்கு, வரிக்குப் பின் 6.30 என்பது சுமார் 5 ஆகிவிடும். அப்போது ஒரு நாள் இழப்பு 16 ரூபாய் அல்ல, 38 ரூபாய். அப்படியும் 32,625-ஐத் தொட இரண்டு வருடம் நான்கு மாதத்துக்குப் பக்கம் ஆகும். ஆகவே 56 நாளுக்குக் கடன் என்பதில் சந்தேகமே இல்லை. பணம் திரும்பி வரவே வராது, ரசீது முதிரும்வரை கடனும் ஓடும் என்றால் உடைப்பதும் ஒரு நியாயமான வழிதான். ரசீது போட்டு மூன்று நான்கு மாதம்தான் ஆகிறது என்றாலும் அப்படியே. திருப்பி எடுக்க அப்போது பெரிதாக வட்டி ஒன்றும் சேர்ந்திருக்காது.

கவுண்டரில் சொல்லப்பட்ட ஓர் ஆறுதலையும் கணக்குப் போட்டுப் பார்த்தோம். "இப்ப ரேட் ஏழரை ஆயிடுச்சும்மா, பழைய ரசீது ஆறேமுக்கால்கூட இல்ல, உடைச்சது ஒருவகைல நல்லதுதான்" என்றாராம். மனையே வாங்காமல், தவறு திருத்தியபின் கைக்கு வந்த 9,67,375-ஐயும் அப்படியே 7.50 சதவீதத்தில் திரும்பப் போட்டிருந்தால்? வருடத்துக்கு 72,553 வரும். பழையதில் 63,000. வருடத்துக்கு 9,553 கூடுதல். மீதமிருந்த இரண்டேமுக்கால் வருடத்துக்கு 26,271. இழந்தது 32,625. அப்போதும் 6,354 நஷ்டம். விகிதம் 1.20 சதவீதம் ஏறியும் இந்த நிலைமை. ரசீது போட்ட ஆறாம் மாதமே விகிதம் இப்படி ஏறியிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

## வரி: திரும்பிப் போன வட்டிக்குக் கட்டிய வரி

இது யாரும் எதிர்பார்க்காத இடம். 32,625 ரூபாய் வட்டியை வங்கி திரும்ப எடுத்துக்கொண்டது. ஆனால் அதில் பெரும்பகுதி முந்தைய இரண்டு நிதியாண்டுகளில் வருமானமாகக் காட்டப்பட்டு, வரிக் கணக்கும் முடிந்துபோனது. வருடவாரியாகப் பிரித்தால், 2022-23-இல் காட்டியதில் 10,875 அதிகம், 2023-24-இல் 14,500 அதிகம், ரசீதை உடைத்த 2024-25-இல் 7,250.

டீச்சர் பழைய வரிமுறையில் இருப்பவர். அதில் மூத்த குடிமக்களுக்கு வங்கி வட்டியில் 50,000 வரை அப்போது 80டிடிபி பிரிவில் கழிவு இருந்தது. 2022-23-இல் ரசீது வட்டி 47,250. சேமிப்புக் கணக்கின் சில்லறை வட்டி சேர்த்தும் ஐம்பதாயிரத்தை ஒட்டியே இருந்ததால் அந்த வருடம் பாதிப்பு பேச்சுக்குக்கூட இல்லை. 2023-24-இல் ரசீது வட்டி 63,000, சேமிப்புக் கணக்கில் 4,000. கழிவுக்கு மேல் 17,000-க்கு இருபது சதவீதமும் செஸ்ஸும் கட்டினார். அந்த 17,000-இல் 14,500 இப்போது அவருடைய பணமே அல்ல என்று ஆகிவிட்டது. அதற்குக் கட்டிய வரி 3,016.

ஆடிட்டரிடம் போனோம். 2023-24-க்கான கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய 2024 டிசம்பர் 31 வரை நேரம் இருந்தது. அவர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். அந்த வருடத்தில் 63,000 உண்மையில் கைக்கு வந்தது, வங்கியும் அதே தொகையைத்தான் வருமானவரித் துறைக்குத் தெரிவித்திருக்கிறது, டிடிஎஸ்ஸும் அதன்மேல் பிடித்தாகிவிட்டது. நாம் மட்டும் குறைத்துக் காட்டினால் பொருந்தவில்லை என்று நோட்டீஸ் வரும், 3,016-க்கு அந்த அலைச்சல் தேவையா என்றார். அதற்குப் பதில், திரும்பிப் போனது நடப்பு ஆண்டில் நடந்ததால் நடப்பு ஆண்டு வட்டியிலேயே மொத்தமாகக் கழிப்போம் என்று முடிவானது. வங்கி தந்த வட்டிச் சான்றிலும் பழைய ரசீதுக்கு இந்த ஆண்டு வட்டி 1,125 கழித்தல் குறியோடுதான் இருந்தது. வாங்கியது 31,500, திரும்பப் போனது 32,625.

கழித்தோம். பலன் ஒரு ரூபாய்கூட இல்லை. அந்த ஆண்டு அவருடைய மொத்த வட்டி, எதையும் கழிக்காமலே, பழைய ரசீது 31,500, புது ரசீது 13,125, சேமிப்புக் கணக்கு 4,000 என்று 48,625 தான். ஐம்பதாயிரத்துக்குள். கழித்தபின் 16,000. இரண்டுக்கும் வரி பூஜ்யம். ஆக, 3,016 போனது போனதுதான். வருமானவரித் துறையின் ஏஐஎஸ் என்ற வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வங்கி காட்டும் தொகையும் நாம் காட்டும் தொகையும் வேறுபட்டால் பதில் சொல்ல அந்தச் சான்றும் முடித்த சீட்டும் கையில் இருக்க வேண்டும் என்று ஆடிட்டர் இரண்டையும் நகலெடுத்துக் கோப்பில் வைத்தார்.

## என்ன ஆயிற்று

பதிவு சொன்ன நாளில் நடந்தது. நவம்பரில் பிஎஃப் பணம் வந்ததும் மகன் 6 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தார். டீச்சர் வாங்கவில்லை, அஸ்திவாரத்துக்கு வைத்துக்கொள் என்றுவிட்டார். அது அவர்கள் வீட்டு விஷயம். ஆனால் காலாண்டுக்கு 15,750 வந்த இடத்தில் இப்போது 6,562 வருகிறது. மளிகைக்கும் மருந்துக்கும் ஓய்வூதியத்திலிருந்து எடுக்கிறார்.

## எதை மாற்றியிருப்போம்

முதலாவது என்னுடையது. 2022-இல் அந்தப் பணத்தை இரண்டு இரண்டு லட்சமாக ஐந்து ரசீதாகப் போடச் சொல்லியிருக்க வேண்டும். விகிதம் அதே 6.30 தான் கிடைத்திருக்கும். இந்த வங்கியில் அபராதம் ரசீது வாரியாகத்தான் பார்க்கப்படுகிறது, எனவே ஒவ்வொன்றும் 5 லட்சத்துக்குள் என்பதால் 0.50% மட்டும். 6 லட்சத்துக்கு மூன்று ரசீதை உடைத்திருந்தால் திரும்பிப் போவது 12,825. மற்ற இரண்டும் 6.30-இல் தொடர்ந்திருக்கும். வரிக்கும் இது உதவும், ஏனென்றால் பின்னோக்கித் திரும்பும் வட்டியும் அந்த மூன்று ரசீதுக்கு மட்டும்தான். ஐந்து ரசீதைப் பத்திரப்படுத்துவது தொல்லை என்று டீச்சர் முணுமுணுத்திருப்பார். பரவாயில்லை.

இரண்டாவது, பணம் தேவைப்படும் நாளில் முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு என்பதல்ல, எத்தனை நாளுக்கு என்பது. 56 நாள் என்று தெரிந்திருந்தால், ஏன், நான்கைந்து மாதம் என்று எடுத்துக்கொண்டிருந்தால்கூட, பேச்சு ரசீதின் மேல் கடன் பக்கம் திரும்பியிருக்கும்.

மூன்றாவது சின்ன விஷயம். பணம் போட்ட நாளின் விகித அட்டை. 2022 ஜூனில் நடப்பில் இருந்ததைத் தேடி எடுக்க எனக்கு ஒரு நாள் ஆனது. பழைய தொடர்பு ஒருவர் மூலம் கிடைத்தது. அது இல்லாவிட்டால் 11,250-ஐக் கேட்டிருக்கவே முடியாது, தவறு நடந்தது என்றே தெரிந்திருக்காது.

உடைத்த அன்று போட்ட 3.5 லட்சம் ரசீது இப்போது டீச்சர் வீட்டு இரும்பு அலமாரியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிறது. 2024 செப்டம்பரில் இருந்த விகித அட்டையை அச்செடுத்து ரசீதின் பின்னால் பின் அடித்து வைத்திருக்கிறார். அதன் மேல் ஓரத்தில், கரும்பலகையில் எழுதிப் பழகிய கையெழுத்தில், உடைத்தால் அபராதம் அரை சதவீதம் என்றும் கீழே ரசீதின் மேல் கடன் 90 சதவீதம் வரை என்றும் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்.